கிப்லா என்றால் மேற்கு அல்ல

பதினோராம் நூற்றாண்டு வானியல் அறிஞர் அல்-பீரூனியைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில், அவர் 'கஸ்னா நகரின் மேற்குத் திசையைக் கணக்கிட்டார்' என்று படித்தேன். கஸ்னா இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள ஊர். மூலத்தில் இருந்த சொல் கிப்லா. இந்தத் தவறு கண்ணில் படுவது இது முதல் தடவையல்ல.

கிப்லா அரபுச் சொல். அதன் வேரில் 'எதிரே, முன்னால்' என்ற பொருள் இருக்கிறது. தொழும்போது முகம் நோக்கும் பக்கம், அதாவது மக்காவிலுள்ள கஅபா இருக்கும் பக்கம். மேற்கு என்ற பொருள் அதில் துளியும் இல்லை. நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் ஏறக்குறைய மேற்கு நோக்கி இருப்பதால் வந்த குழப்பம் இது. கெய்ரோவில் தொழுபவர் தென்கிழக்கே திரும்பி நிற்கிறாரே, அவருக்கு என்ன சொல்வது?

மேற்கைக் கண்டுபிடிக்க பீரூனி தேவையில்லை, சூரியன் போதும். அவர் 1025-இல் முடித்த நூலின் முக்கிய நோக்கமே கஸ்னாவின் கிப்லாவைக் கணிப்பதுதான். அதற்கு கஸ்னா, மக்கா இரண்டு ஊர்களின் அட்சரேகையும், தீர்க்கரேகை வித்தியாசமும் வேண்டும். அட்சரேகை எளிது, நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்தால் கிடைத்துவிடும். தீர்க்கரேகைதான் பாடுபடுத்தியது. ஒரே சந்திர கிரகணத்தை இரண்டு ஊர்களிலிருந்து பார்த்து நேரத்தை ஒப்பிட வேண்டும். 997-இல் பீரூனி மத்திய ஆசியாவின் காத் நகரிலும், வானியலாளர் அபுல் வஃபா பாக்தாதிலும் இருந்து அப்படிச் செய்தார்கள். கஸ்னாவுக்கோ, ஊர் ஊராகப் பயணிகள் வழித் தொலைவுகளைக் கோத்து, பாதை வளைவுக்குக் கழித்துக் கணக்கிட்டார்.

இன்றைய அளவுகளை வைத்துப் போட்டால் கஸ்னாவின் கிப்லா மேற்கிலிருந்து தெற்கே சுமார் 18 பாகை. சென்னைக்கு அதே 18 பாகைதான், ஆனால் வடக்கே. இரண்டையும் 'மேற்கு' என்று எழுதினால் 36 பாகை காணாமல் போகிறது! சரி, மக்காவின் அட்சரேகையை ஒட்டியே இருக்கும் நாக்பூருக்காவது நேர் மேற்கா என்றால், அதுவும் இல்லை. உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி வடக்கே வளைந்து போவதால், அங்கே சுமார் 8 பாகை வடக்கே திரும்ப வேண்டும்.

'மெக்காத் திசை' என்ற சொல் இந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் தொழுகை ஆரம்பத்தில் ஜெருசலேம் நோக்கியே நடந்தது, அதுவும் கிப்லாதான். அந்த இடத்தில் இந்தச் சொல் உதவாது. தமிழில் எழுத வேண்டுமென்றால் 'முன்னோக்கும் திசை' நல்ல சொல், வேர்ப்பொருளும் கெடவில்லை. தொழுபவர்கள் நாவில் இருக்கும் கிப்லாவையே வைத்தாலும் குறையில்லை. ஒரு திசையின் பெயரை மட்டும் ஒட்டாதீர்கள்.

சந்தேகமிருந்தால் மே 28 இந்திய நேரப்படி பிற்பகல் 2.48-க்கு ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். அப்போது சூரியன் கஅபாவின் உச்சிக்கு மேல் நிற்கும். நிழலுக்கு நேர் எதிர்ப்பக்கம் கிப்லா. 13-ஆம் நூற்றாண்டில் பாரசீக வானியலாளர் நஸீருத்தீன் தூஸி எழுதிவைத்த வழி இது.