அஸ்டேபிள்: நிலைகொள்ளா அலையாக்கி

‘ஸ்டேபிள்’ என்பது நிலையானது என்ற பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. அதன் முன்னால் வரும் ‘அ’ கிரேக்கத்தின் எதிர்மறை. ஆகவே ‘நிலைகொள்ளா’ என்பதே பொருத்தமான தமிழ். 1971இல் ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்த 555 என்ற நேரக்கணிப்புச் சில்லை இந்த அஸ்டேபிள் முறையில் இணைத்தால், அதன் வெளியீட்டு மின்னழுத்தம் மேலேயும் நிற்காது, கீழேயும் நிற்காது. மாறிக்கொண்டே இருக்கும்.

காரணம் கொள்ளளவி C. அது R1, R2 என்ற இரண்டு தடையிகளின் வழியாகவும் மின்னேறும். அப்போது வெளியீடு மேலே இருக்கும். கொள்ளளவியின் மின்னழுத்தம் வழங்கல் மின்னழுத்தத்தின் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் சில்லின் 7ஆம் கால் நிலத்தோடு இணைந்துவிடும். இப்போது மின் இறங்கும் வழியில் R2 மட்டுமே இருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி ஏற்றம்.

```
t1 = 0.693 (R1 + R2) C    மேல்
t2 = 0.693 R2 C           கீழ்
f  = 1 / (t1 + t2)
```

f என்பது மீடிறன். ‘டியூட்டி சைக்கிள்’ என்பதைப் ‘பணிச் சுற்று’ என்று எழுதுகிறார்கள். அது சுற்று அல்ல, ஒரு சுற்றில் t1 பிடிக்கும் பங்கு. ‘இயங்கு விகிதம்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்ட வீதி வளைவொன்றில், பனிப்புகாரில் மினுக்க ஒரு எல்இடி விளக்கு வேண்டும் என்று வைப்போம். R1 10 கிலோ ஓம், R2 68 கிலோ ஓம், C 10 மைக்ரோ பாரட். t1 0.54 செக்கன், t2 0.47 செக்கன். மீடிறன் ஏறக்குறைய 1 ஹேர்ட்ஸ், இயங்கு விகிதம் 53%.

இரு தடையிகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். கூட்டுத்தொகை அதேதான், அதனால் t1 மாறாது. t2 மட்டும் 0.07 செக்கனாகச் சுருங்கும், விகிதம் 89% ஆகும். விளக்கு எரிந்தபடியே இருப்பதாகத் தோன்றும், பெற்றரியும் சீக்கிரம் தீரும். ஆனால் விளக்கை அதன் காப்புத் தடையியோடு, வெளியீட்டுக்கும் நிலத்துக்கும் நடுவில் போடாமல், வழங்கலுக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் போட்டால் கதை தலைகீழ். வெளியீடு கீழே இருக்கும் அந்த 0.07 செக்கன் மட்டும் பளிச்சென்று எரியும். மின்னேறும் வழி எப்போதும் நீளமானது என்பதால் இந்தச் சுற்றில் விகிதம் 50%க்குக் கீழே வராது. அதற்காக R1ஐப் பூச்சியமாக்கிவிடாதீர்கள். 7ஆம் கால் வழங்கலை நேரடியாக நிலத்தில் இழுக்கும், சில்லு கெடும்.

செய்து முடித்தபின் மினுக்கும் வேகம் கணக்கோடு ஒத்துவராவிட்டால் முதலில் விகிதத்தைப் பாருங்கள். விகிதத்தில் C வெட்டுப்பட்டுப் போகிறது. எனவே இரண்டு நேரமும் ஒரே அளவில் நீண்டோ குறுகியோ இருந்தால் கொள்ளளவியைச் சந்தேகியுங்கள். மின்பகு கொள்ளளவிகள் எழுதிய பெறுமானத்திலிருந்து 20% விலகுவது சாதாரணம். விகிதமே பிசகியிருந்தால் முதலில் தடையிகளின் நிறப்பட்டைகளை மறுபடி வாசியுங்கள்.