AX = B, XA = B: நேர்மாறு அணியை எந்தப் பக்கம் வைப்பது?

திரையில் ஒரு படத்தைச் சாய்க்கும்போதும் இழுத்து நீட்டும்போதும், அதன் ஒவ்வொரு புள்ளியும் ஓர் அணியால் பெருக்கப்பட்டுப் புதிய இடத்துக்குப் போகிறது. அந்த அணி என்னவென்று தெரியவில்லை, இரண்டு புள்ளிகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பது மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். (2, 5) என்ற புள்ளி (4, 3)-க்குப் போயிருக்கிறது. (1, 3) என்ற புள்ளி (1, 2)-க்குப் போயிருக்கிறது. பழைய புள்ளிகளை நிரல்களாக நிறுத்தி A என்போம். புதிய புள்ளிகளை அதே வரிசையில் நிறுத்தி B என்போம்.

```
A = | 2  1 |      B = | 4  1 |
    | 5  3 |          | 3  2 |
```

புள்ளி நிரலாக இருப்பதால் அதன் மேல் செயல்படும் அணி இடப்புறம் நிற்கும். ஆகவே நாம் தீர்க்க வேண்டிய சமன்பாடு XA = B.

எண்களாக இருந்தால் A-யால் வகுத்துவிட்டுப் போய்விடலாம். அணிகளில் வகுத்தல் கிடையாது, நேர்மாறால் பெருக்கத்தான் முடியும். அந்தப் பெருக்கலைச் சமன்பாட்டின் இரு பக்கத்திலும் ஒரே புறமாகச் செய்ய வேண்டும். XA = B-ஐ வலப்புறமாக A⁻¹ கொண்டு பெருக்கினால் XAA⁻¹ = BA⁻¹ என்றாகும். AA⁻¹ அலகு அணி என்பதால் X = BA⁻¹ கிடைத்துவிடுகிறது. இடப்புறமாகப் பெருக்கினால் A⁻¹XA என்று X நடுவில் மாட்டிக்கொள்ளும். A⁻¹-ஐ X-க்கு அந்தப் பக்கம் தாண்டிக் கொண்டுபோய் A-யோடு சேர்க்க எந்த விதியும் இல்லை.

இங்கே A-யின் அணிக்கோவை 2×3 − 1×5 = 1. அதனால் நேர்மாறு பின்னமில்லாமல் வருகிறது.

```
A⁻¹ = |  3  -1 |      BA⁻¹ = |  7  -2 |
      | -5   2 |             | -1   1 |
```

சரிபார்ப்போம். இந்த X-ஐ (2, 5)-இன் மேல் செலுத்தினால் 7×2 − 2×5 = 4, −2 + 5 = 3. சரியாக (4, 3). இரண்டாவது புள்ளியும் அப்படியே (1, 2)-க்குப் போகும்.

இப்போது பக்கத்தை மாற்றிப் போட்டு A⁻¹B என்று பெருக்கிப் பாருங்கள்.

```
A⁻¹B = |   9   1 |
       | -14  -1 |
```

இது (2, 5)-ஐ (23, −33)-இல் கொண்டுபோய் நிறுத்தும். படம் கொஞ்சம் பிசகவில்லை, திரையை விட்டே போய்விட்டது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு விடைகளின் அணிக்கோவையையும் பாருங்கள்: 7×1 − 2 = 5; −9 + 14 = 5. முதன்மை மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டினாலும் இரண்டிலும் 8தான். இது தற்செயல் இல்லை. A⁻¹B என்பது A⁻¹(BA⁻¹)A என்பதற்குச் சமம். இப்படி உறவுள்ள இரண்டு அணிகளுக்கும் இவ்விரு மதிப்புகளும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே அணிக்கோவை பொருந்துகிறது என்று திருப்திப்பட்டுக்கொள்வதில் பயனில்லை. விடையை மூலச் சமன்பாட்டில், அது இருந்த பக்கத்திலேயே வைத்துப் பெருக்கிப் பார்ப்பதுதான் நம்பத்தக்க சோதனை.

தவறான பக்கத்தில் கிடைத்த அணி பொருளற்றது என்று எண்ண வேண்டாம். அது AX = B என்ற வேறொரு கேள்விக்கு விடை. அங்கே A-தான் செயல்படும் அணி, அது நமக்குத் தெரியும். B-யின் நிரல்கள் வந்து சேர்ந்த புள்ளிகள். அவை எங்கிருந்து கிளம்பின என்பதே கேள்வி. (4, 3)-இல் முடிந்த புள்ளி (9, −14)-இல் தொடங்கியது என்கிறது முதல் நிரல். ஆக, AX = B-இல் தேடுவது புறப்பட்ட புள்ளிகளை; XA = B-இல் தேடுவது மாற்றும் அணியையே.

கையால் கணக்குப் போடும்போது பெரும்பாலும் நேர்மாறு காணாமல் நீக்கல் முறையில் போவோம். AX = B-க்கு A-யையும் B-யையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, நிரைச் செயல்கள் மூலம் A-யை அலகு அணியாக்கினால், B இருந்த இடத்தில் X நிற்கும். ஒரு நிரைச் செயல் என்பது இடப்புறமாக ஓர் அணியைப் பெருக்குவதற்குச் சமம். அதனால் இந்த முறை A⁻¹B-ஐ மட்டுமே தரும். XA = B-க்கும் பழக்கதோஷத்தில் இதையே செய்துவிடுவதுதான் தேர்வுத்தாள்களில் நடக்கும் தவறு. XA = B-க்கு B-ஐ A-யின் கீழே எழுதி, நிரல் செயல்கள் செய்ய வேண்டும். நம் கணக்கில் மூன்றே படிகள்: C₁ → C₁ − C₂, C₂ → C₂ − C₁, C₁ → C₁ − 2C₂.

```
 2  1       1  1       1  0       1  0
 5  3       2  3       2  1       0  1
-----  →   -----  →   -----  →   -----
 4  1       3  1       3 -2       7 -2
 3  2       1  2       1  1      -1  1
```

நிரல் செயல்கள் கைக்கு வரவில்லை என்றால் சமன்பாட்டை நிரைநிரல் மாற்றம் செய்துவிடுங்கள். XA = B என்பது AᵀXᵀ = Bᵀ ஆகிவிடும்; பழகிய முறையில் தீர்த்து, வந்த விடையை மறுபடி நிரைநிரல் மாற்றினால் முடிந்தது.

A சதுர அணியாக இருந்து B அப்படி இல்லாதபோது வரிசையே நம்மை எச்சரித்துவிடும். A 2×2, B 2×3 என்றால் AX = B-க்கு மட்டுமே பொருள் உண்டு. XA-வில் இரண்டு நிரல்கள்தான் இருக்க முடியும், B-யில் மூன்று. ஆபத்தெல்லாம் இரண்டும் ஒரே வரிசைச் சதுர அணிகளாக இருக்கும்போதுதான்.

அணிக்கோவை பூச்சியமானால் நேர்மாறு இல்லை. ஆனால் அதனாலேயே தீர்வும் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. அங்கும் பக்கம்தான் தீர்மானிக்கிறது. இந்த இணையைப் பாருங்கள்.

```
A = | 1  2 |      B = | 1   4 |
    | 3  6 |          | 3  12 |
```

AX-இன் ஒவ்வொரு நிரலும் A-யின் நிரல்களின் சேர்க்கை, அதாவது (1, 3)-இன் மடங்கு. B-யின் நிரல்கள் (1, 3), (4, 12) இரண்டும் அப்படித்தான் இருக்கின்றன. எனவே AX = B-க்கு எண்ணற்ற தீர்வுகள்; முதல் நிரை (1, 4), இரண்டாம் நிரை (0, 0) கொண்ட அணி அவற்றில் ஒன்று. XA-விலோ ஒவ்வொரு நிரையும் A-யின் நிரைகளின் சேர்க்கை, (1, 2)-இன் மடங்காக இருந்தாக வேண்டும். B-யின் முதல் நிரை (1, 4) அப்படி இல்லை. XA = B-க்குத் தீர்வே கிடையாது.

கணினியில் தீர்ப்பவர்களுக்கு: நம்பை நூலகத்தின் `solve` இடப்புற A-க்கு மட்டுமே எழுதப்பட்டது, வலப்புறத்துக்கு நாமே நிரைநிரல் மாற்ற வேண்டும்.

```
np.linalg.solve(A, B)        # AX = B
np.linalg.solve(A.T, B.T).T  # XA = B
```

மேட்லாப்பில் முதலாவதற்கு `A\B`, இரண்டாவதற்கு `B/A`. அந்தப் பழக்கத்தில் நம்பையிலும் `B/A` என்று எழுதினால் அது உறுப்புக்கு உறுப்பு வகுத்துத் தரும். நம் கணக்கில் பிழைச்செய்தி எதுவும் வராது. 7 இருக்க வேண்டிய இடத்தில் 4-ஐ 2-ஆல் வகுத்த 2.0 நிற்கும்.

கணினி வரைகலையில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஓப்பன்ஜிஎல் வழக்கத்தில் புள்ளி நிரலாக எழுதப்படுகிறது. டைரக்ட்எக்ஸின் மரபான வழக்கத்தில் நிரையாக. புள்ளிகளை நிரையாக எழுதினால் மாற்றும் அணி வலப்புறம் வந்துவிடும்; அப்போது மேலே XA = B என்று தொடங்கிய அதே கணக்கு AX = B ஆகிவிடுகிறது, விடையும் நாம் கண்ட X-இன் நிரைநிரல் மாற்று அணியாக வரும். ஓரிடத்தில் கண்ட சூத்திரத்தை இன்னோரிடத்தில் பயன்படுத்தும் முன், அங்கே புள்ளி நிரையா நிரலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.