பழைய அளவீடுகளைச் சுருக்கும்போது எதை மிச்சம் வைப்பது?

பல்லடத்தை ஒட்டிய ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் எனும் நூற்பு இயந்திரங்கள் 40 ஓடுவதாகவும், ஒவ்வொன்றிலும் மோட்டாரின் மின்திறன், வெப்பநிலை, நூற்ற நீளம் உள்ளிட்ட ஐந்து அளவீடுகள் 10 விநாடிக்கு ஒருமுறை பதிவாவதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 தொடர்கள். ஒரு தொடருக்கு நாளொன்றுக்கு 8,640 புள்ளிகள். நேரத்துக்கு 8 பைட், மதிப்புக்கு 8 பைட் என்று அப்படியே சேமித்தாலும் ஆண்டுக்குச் சுமார் 10 ஜிபிதான் ஆகும். ஒரு பென்டிரைவிலேயே அது அடங்கிவிடும்.

காலத்தொடர் தரவுத்தளங்கள் இதையும் வெகுவாகக் குறைக்கின்றன. சீரான இடைவெளியில் வரும் நேரங்களில் ஒவ்வோர் இடைவெளியும் முந்தைய இடைவெளியிலிருந்து எவ்வளவு மாறியது என்பதை மட்டும் எழுதினால், பெரும்பாலும் அது பூஜ்யமாகவே இருப்பதால் ஒரே ஒரு பிட் போதும். அடுத்தடுத்த மதிப்புகளுக்கும் வேறுபடும் பிட்களை மட்டுமே எழுதுவார்கள். இம்முறையில் 16 பைட் புள்ளி ஒன்று சராசரியாக 1.37 பைட்டாகச் சுருங்கியதாக, ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2015-இல் ‘கொரில்லா’ என்ற தங்கள் அமைப்பைப் பற்றிய கட்டுரையில் காட்டினார்கள்.

ஆகவே, இந்த அளவுள்ள ஆலையில் பழைய தரவைச் சுருக்க வேண்டிய காரணம் இடப் பற்றாக்குறை அன்று, வாசிக்கும் வேகம்தான். ஒரு பிரேமின் மூன்றாண்டு மின்திறனை வரைபடமாகக் கேட்டால், 1,920 பிக்சல் அகலமே உள்ள திரைக்காகக் கணினி ஏறத்தாழ 95 லட்சம் புள்ளிகளைப் படிக்க வேண்டியிருக்கும். மணிக்கு ஒரு பதிவாகச் சுருக்கி வைத்திருந்தால் 26,280 பதிவுகள் போதும்.

அந்த ஒரு பதிவில் சராசரியை மட்டும் எழுதி வைப்பதே பலரும் முதலில் செய்வது, அதில் சிக்கலும் இருக்கிறது. உணரி பிரேமிலிருந்தே மின்சாரம் பெறுவதால், பிரேம் நின்றால் அளவீடும் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். ஓர் ஐந்து நிமிடத்தில் 30 அளவீடுகள், சராசரி 30 கிலோவாட். அடுத்த ஐந்து நிமிடத்தில் பிரேம் ஒரு நிமிடமே ஓடியதால் 6 அளவீடுகள், சராசரி 42. இரு சராசரிகளின் சராசரி 36 என்று வரும். ஆனால் கூட்டுத்தொகைகள் 900, 252. அவற்றைச் சேர்த்து 36 அளவீடுகளால் வகுத்தால், ஓடிய நேரத்தின் உண்மையான சராசரி 32 என்று தெரியும். எனவே சுருக்கும் ஒவ்வொரு கால இடைவெளிக்கும் அளவீடுகளின் எண்ணிக்கை, கூட்டுத்தொகை, குறைந்தபட்சம், அதிகபட்சம் ஆகிய நான்கையும் வைக்க வேண்டும். இவை ஐந்து நிமிடத்திலிருந்து மணிக்கும், மணியிலிருந்து நாளுக்கும் பிழையின்றிச் சேரும். பிரேமைக் கிளப்பும்போது எழும் மின்திறன் உச்சமும் அதிகபட்சத்தில் தப்பிப் பிழைக்கும். நடுமதிப்பு இப்படிச் சேராது. அது தேவையென்றால் மதிப்பு வரம்புவாரியான எண்ணிக்கைகளைத் தனியே சேமிக்க வேண்டும்.

நூற்ற நீளம் வேறு வகை. அது ஏறிக்கொண்டே போகும் எண்ணி. மின்தடைக்குப் பின் கட்டுப்பாட்டுக் கருவி மறுபடி தொடங்கும்போது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். மதிப்பு திடீரெனக் குறைந்தால் எண்ணி மீண்டும் தொடங்கியது என்று மூலத் தரவில் கண்டுகொள்ளலாம். ஆனால் மணிக்கு ஒரு கடைசி மதிப்பாகச் சுருக்கினால் அந்தத் தடயமே மறையக்கூடும். மணி தொடங்கும்போது 500 மீட்டர், அது 800 வரை ஏறி, கரண்ட் போய், பூஜ்யத்திலிருந்து மீண்டும் 650-ஐ எட்டியது என்றால் உண்மையான உற்பத்தி 300-ம் 650-ம் சேர்ந்து 950 மீட்டர். மணிப் பதிவுகளோ 500, 650 என்று மட்டும் இருப்பதால் 150 மீட்டர் என்றே கணக்கு வரும். எண் குறையவே இல்லை என்பதால் யாருக்கும் சந்தேகமும் எழாது. இதற்கு வழி, சுருக்கும் வேளையிலேயே மூலத் தரவைக் கொண்டு அந்த மணிக்குள் ஏற்பட்ட உயர்வைக் கணக்கிட்டு எழுதி வைப்பதுதான். மாதக் கணக்கு ஷிப்ட் பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுவே.

இன்னொரு தொல்லை தாமதம். மின்தடையில் நெட்வொர்க் சுவிட்ச் அணைந்தால், ஜெனரேட்டரில் ஓடும் பிரேம்கள் தங்கள் அளவீடுகளைத் தேக்கி வைத்துப் பின்னர் மொத்தமாக அனுப்பும். அதற்குள் அந்த மணி சுருக்கப்பட்டிருந்தால், புதிதாக வந்தவற்றைப் பழைய கூட்டுத்தொகையோடு சேர்க்கக் கூடாது, ஏனெனில் பதில் கிடைக்காத கருவி அதே அளவீட்டை இரண்டாம் முறை அனுப்பியிருக்கலாம். ஒரே நேர முத்திரைக்கு ஒரே மதிப்பு என்ற விதியோடு மூலத் தரவில் எழுதி, அந்த மணி முழுவதையும் மறுபடி கணக்கிட்டுப் பழைய பதிவின் மேல் எழுதுவதே பாதுகாப்பானது.

அப்படி மறுகணக்கிட மூலத் தரவு கையில் இருக்க வேண்டும். இத்தகைய ஆலைக்கு 30 நாள் மூலத் தரவையும், ஓராண்டு ஐந்து நிமிடப் பதிவுகளையும், அதற்கு அப்பால் மணிப் பதிவுகளையும் வைத்திருப்பேன். மூலத் தரவை அழிக்கும் பணியைக் காலண்டரை மட்டும் நம்பி இயங்க விடாமல், அழிக்கப்போகும் நாளின் எண்ணிக்கையும் நீளமும் மூலத்திலும் சுருக்கத்திலும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அழிக்குமாறும், வேறுபட்டால் நிறுத்தி எச்சரிக்குமாறும் அமைக்க வேண்டும்.