மெடிக்கலுக்கு 12 நாள், எடை 4 கிலோ கூடுதல்

170 செ.மீ. உயரம், 21 வயது, 76 கிலோ எடை உள்ள ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். ராணுவம், துணை ராணுவம் போன்ற தேர்வுகளில் உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்ற எடை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவருக்கான மேல்வரம்பு 72 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 12 நாள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாலு கிலோவுக்கு 30,800. அதை 12 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 2,500க்கு மேல். கிரவுண்டுக்குப் போய் ஓடும் அந்த உடம்பு நாள் முழுக்கச் செலவழிப்பதே சுமார் 2,700 கலோரிதான். ஆக, 12 நாளும் கிட்டத்தட்டப் பட்டினி கிடந்தால்தான் நாலு கிலோ கொழுப்பு போகும். அது நடக்காது. ஆனாலும் பலருக்கு நாலு கிலோ இறங்கிவிடுகிறது. அப்படியானால் இறங்கியது என்ன என்பதுதான் கேள்வி.

சோற்றை அடியோடு நிறுத்தியதும் முதலில் காலியாவது தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து. அது மொத்தமே அரைக் கிலோ அளவுதான். ஆனால் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து போகும்போது முதல் வாரத்திலேயே ஒன்றரை முதல் இரண்டு கிலோ இறங்கும். மீதியை பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடி வியர்த்தும், தண்ணீர் குடிக்காமல் இருந்தும், வயிற்றைக் கழுவ மாத்திரை போட்டும் இறக்குகிறார்கள். கொழுப்பில் குறைவது கொஞ்சம்தான். ஒரு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டுக் குடித்தால் பெரும்பகுதி எடை திரும்பி வந்துவிடுவது அதனால்தான்.

இப்படிப் போன மாவுச்சத்துதான் ஓட்டத்துக்கான எரிபொருள். அக்னிவீர் ரேலியில் 1.6 கி.மீ. ஓட்டத்துக்கு முழுதாக 60 மதிப்பெண் வாங்க 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடிக்க வேண்டும். எஸ்.எஸ்.சி. ஜி.டி. தேர்வில் ஆண்கள் 5 கி.மீ. தூரத்தை 24 நிமிடத்தில் ஓட வேண்டும். உடல் எடையில் 2 சதவீதம் நீர் குறைந்தாலே, அதாவது இவருக்கு ஒன்றரை லிட்டர் குறைந்தாலே, ஓட்டம் தளரும். ரத்தத்தின் அளவு சுருங்குவதால் இதயம் வேகமாக அடித்தும் தசைக்குப் போதிய ரத்தம் போகாது. வழக்கமாக 5:25க்கு முடிப்பவர் கடைசிச் சுற்றில் கால் கனத்து 5:40க்கு வந்து நிற்பார். பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் போகும் ஆண்களுக்கு அளப்பது உயரமும், 81 செ.மீ. மார்பும், மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிகிறதா என்பதும்தான். அந்தத் தேர்வுக்காகப் பட்டினி கிடந்து, 7 நிமிடத்தில் முடிக்க வேண்டிய 1,500 மீட்டரைக் கோட்டைவிடுகிறவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அறிவிப்பில் எடை கேட்டிருக்கிறார்களா என்று முதலில் படித்துப் பாருங்கள்.

ஓட்டத்தில் தப்பித்தாலும் மெடிக்கலில் வேறு சிக்கல் காத்திருக்கிறது. "மல்யுத்த வீரர்கள் இப்படித்தானே எடை குறைக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். அவர்கள் எடை பார்த்த பிறகு சாப்பிட்டுக் குடித்துத் தேறிக்கொள்ளச் சில மணி நேரம் கிடைக்கும். அப்படியும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மருத்துவக் குழுவே உடன் இருந்தும், வினேஷ் போகத் 50 கிலோ பிரிவில் 100 கிராம் கூடுதலாக இருந்து தகுதி இழந்தார். நீரிழப்புக்கு அவருக்குச் சிகிச்சையும் தேவைப்பட்டது. படை மெடிக்கலில் தேறிக்கொள்ளும் இடைவெளியே கிடையாது. எடை பார்க்கும் அதே நாளில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சிறுநீர், ரத்தம் எல்லாம் பார்த்துவிடுவார்கள்.

நீர் வற்றிய உடம்பில் உட்கார்ந்த நிலையிலேயே நாடி 100ஐத் தாண்டலாம். சிறுநீர் கெட்டியாகி, பரிசோதனைப் பட்டையில் புரதம் இருப்பதாகக் காட்டலாம். முந்தின நாள் கடுமையாக ஓடியிருந்தால் அது இன்னும் கூடும். பட்டினியில் உடம்பு உண்டாக்கும் கீட்டோனும் தெரியும். ரத்தத்தில் யூரியாவும் கிரியாட்டினினும் ஏறியிருக்கும். சிறுநீரகம் நன்றாகவே இருக்கும், ஆனால் தாளில் வருவது சிறுநீரகக் கோளாறு உள்ளவரின் எண்கள். பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கில்பர்ட் என்கிற தீங்கில்லாத பரம்பரைத் தன்மை உள்ளவர்களுக்கு ஓரிரு நாள் பட்டினியிலேயே ரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி ஏறிக் கண் மஞ்சளாகலாம். மருத்துவர் மஞ்சள் காமாலையைச் சந்தேகிக்காமல் என்ன செய்வார்?

மாத்திரைகளின் கதை இதைவிட மோசம். கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கும் பொடிகள் பலவற்றில் காஃபீன் அதிகமாக இருக்கும். ஏற்கெனவே படபடப்பாக இருக்கும் ஒருவருக்கு ரத்த அழுத்தத்தை 140/90க்கு மேல் தள்ள அது போதும். ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரை உப்பையும் பொட்டாசியத்தையும் சேர்த்தே வெளியேற்றும். பொட்டாசியம் இறங்கினால் கெண்டைக்கால் இழுக்கும், இ.சி.ஜி. மாறும், இதயத் துடிப்பு தடுமாறும். அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவது உயிரோடு விளையாடுவது.

சரி, 76 கிலோக்காரர் என்னதான் செய்வது? எட்டு வாரம் இருந்தால் வழி எளிது. ஒரு நாளைக்கு 550 கலோரி குறைத்தால் வாரம் அரைக் கிலோ, எட்டு வாரத்தில் நாலு கிலோ. இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு நாலு டீ குடிப்பவர் சர்க்கரையை விட்டாலே 160 கலோரி மிச்சம். மாலையில் பஜ்ஜி, வடையை நிறுத்தி, இரவில் இரண்டு பரோட்டாவுக்குப் பதில் மூன்று இட்லி சாம்பார் என்று மாற்றினால் மீதியும் கிடைத்துவிடும். காலைச் சாப்பாட்டையும் ஓட்டத்துக்கு முந்தின நாள் சோற்றையும் தொட வேண்டாம். முட்டை, பருப்பு, சுண்டல், மீன் குறையக் கூடாது, குறைந்தால் தசை கரையும். எடையை வெறும் வயிற்றில், காலைக்கடன் முடித்தபின் பாருங்கள். ஒரு நாள் எண்ணை நம்பாமல் வாரச் சராசரியைப் பாருங்கள்.

12 நாள்தான் இருக்கிறது என்றால் கொழுப்பில் சுமார் ஒரு கிலோ இறங்கும். கடைசி இரண்டு நாள் ஊறுகாய், கருவாடு, அப்பளம், சிப்ஸைத் தவிர்த்து, கீரை, சுண்டல் போன்ற நார் மிகுந்தவற்றைக் குறைத்து, இட்லி, தயிர் சாதம் என்று சாப்பிட்டால் இன்னும் அரைக் கிலோ குறையலாம். தண்ணீரைக் குறைக்காதீர்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போக வேண்டும். அப்போது எடை 74.5 அளவில் நிற்கும், வரம்புக்கு மேலேதான். அப்படியே போங்கள். கூடுதல் எடை திருத்திக்கொள்ளக்கூடிய குறை. மறுபரிசோதனை உண்டா, எத்தனை நாளில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அறிவிப்பில் இருக்கும். கிடைக்கும் நாட்களில் மீதியைக் குறைக்கலாம். புரதம், அதிக நாடித்துடிப்பு, மஞ்சள் கண் என்று தாளில் ஏறிவிட்டால், இல்லாத நோயை இல்லை என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே பட்டினியும் வியர்வையுமாக இருப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓடிய பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, தொடை தொட முடியாமல் வலித்து வீங்கினாலோ தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெயிலில் பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 108ஐ அழைத்து, ஊற்றுவதை நிறுத்தாமல் காத்திருங்கள்.