பழைய பிளாக்கைத் திருத்தினால் என்ன ஆகும்?

"ஒரு ஹாஷைக் கணக்கிட நொடியில் ஒரு துளி நேரம் போதும் என்கிறார்கள். அப்படியானால் பழைய பிளாக் ஒன்றைத் திருத்திவிட்டு, அதற்குப் பின்னால் வருகிற எல்லா ஹாஷையும் புதிதாகப் போட்டுவிடலாமே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பலரும் தாவிக் கடந்துவிடுகிற இடத்தில் சரியாகக் கை வைத்திருக்கிறார்.

பிளாக்செயின் என்பது பரிவர்த்தனைகளைப் பிளாக் என்ற தொகுதிகளாகப் பிரித்து, சங்கிலிபோல் கோர்த்து வைக்கும் கணக்குப் புத்தகம். ஹாஷ் என்பது ஒரு தரவிலிருந்து கணக்கிடப்படும், அதன் கைரேகை போன்ற எண். பிட்காயினையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு பிளாக்குக்கும் 80 பைட் அளவில் ஒரு தலைப்பு உண்டு. முந்தைய பிளாக்கின் ஹாஷ் அதில் 32 பைட். இந்த பிளாக்கின் பரிவர்த்தனைகள் அனைத்தையும் சுருக்கிச் சொல்லும் ஹாஷ் இன்னொரு 32 பைட். பழைய கணக்கில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் அந்த பிளாக்கின் ஹாஷ் மாறிவிடும். அடுத்த பிளாக்கில் பதிந்திருக்கும் ஹாஷோடு அது பொருந்தாது.

ஆனால் இந்தக் கோர்ப்பு திருத்தத்தைக் காட்டிக்கொடுக்குமே தவிர, தடுக்காது. சில லட்சம் தலைப்புகளுக்கு மறுபடி ஹாஷ் போட சாதாரண மடிக்கணினிக்குச் சில நொடிகள் போதும். எல்லாப் பிரதிகளையும் தன்னிடமே வைத்துக்கொண்டு "எங்கள் ஆவணங்கள் பிளாக்செயினில் இருக்கின்றன" என்று ஒரு நிறுவனம் மார்தட்டினால், எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

செலவு வருவது வேறு இடத்திலிருந்து. ஹாஷ் எப்படி வந்தாலும் சரி என்று பிட்காயின் விடுவதில்லை. அது ஓர் எல்லைக்குக் கீழே இருக்க வேண்டும். 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கின் ஹாஷைப் பாருங்கள்:

```
000000000019d6689c085ae165831e93
4ff763ae46a2a6c172b3f1b60a8ce26f
```

முன்னால் பத்து சுழியங்கள். தலைப்பில் 'நான்ஸ்' என்று 4 பைட் எண் ஒன்று இருக்கிறது. அதை மாற்றி மாற்றி ஹாஷ் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது. இந்த பிளாக்கில் அது 2083236893. அன்றைய எல்லைக்கே சராசரியாக 430 கோடி முயற்சிகள் தேவை. விடை சரியா என்று பார்க்கவோ ஒரே ஒரு முறை கணக்கிட்டால் போதும். இன்று எல்லை மிக மிக இறுக்கமானது. இந்தத் தேடலைச் செய்யும் உலகத்தின் மைனிங் எந்திரங்கள் எல்லாம் சேர்ந்து சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் கண்டுபிடிக்கும்படி 2016 பிளாக்குகளுக்கு ஒருமுறை அது திருத்தப்படுகிறது.

இந்தத் தேடலுக்கு நினைவு கிடையாது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒரு மணி நேரமாகக் கிடைக்கவில்லை, ஆகவே இதோ கிடைக்கப்போகிறது என்று நம்புவது, நெடுநேரம் தோற்றவனுக்கு அடுத்த ஆட்டம் வெற்றிதான் என்று நம்புகிற சூதாடியின் மூடநம்பிக்கை. ஒவ்வொரு முயற்சியும் புதிய பகடை உருட்டல்.

இப்போது வாசகரின் திட்டத்தை நடத்திப் பார்ப்போம். சங்கிலி 100-ஆவது பிளாக்கில் நிற்கிறது. மொத்தக் கணினித் திறனில் 30 சதவீதம் வைத்திருக்கும் ஒருவர், 94-ஆவது பிளாக்கில் தான் செலுத்திய பணத்தைச் செலுத்தாததாக மாற்ற நினைக்கிறார். (அடுத்தவர் பணத்தை அவரால் தொட முடியாது, அதற்கு அவர்களுடைய கையொப்பம் வேண்டும்.) 94 முதல் 100 வரை ஏழு பிளாக்குகளை அவர் மறுபடி உருவாக்க வேண்டும். அவருடைய திறனுக்கு ஒரு பிளாக்குக்குச் சராசரியாக 33 நிமிடம் பிடிக்கும். ஏழையும் முடிக்க நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் மற்றவர்கள் அதற்குள் கை கட்டி நிற்கவில்லை. 14 நிமிடத்துக்கு ஒன்றாக அவர்கள் 116-ஐத் தொட்டிருப்பார்கள். ஏழு பிளாக் பின்தங்கியிருந்தவர் இப்போது பதினாறு பிளாக் பின்தங்கியிருக்கிறார்!

பிட்காயின் வலையமைப்பின் கணினிகள் ஏற்றுக்கொள்வது அதிக உழைப்பு சேர்ந்திருக்கும் சங்கிலியைத்தான். எனவே அவர் மற்றவர்களை முந்தியே ஆக வேண்டும். அதிர்ஷ்டம் கைகொடுத்தால்? ஒரு பிளாக் இடைவெளியை என்றாவது மூடுவதற்கான வாய்ப்பு 3/7. ஒவ்வொரு பிளாக்குக்கும் அதே 3/7-ஆல் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். ஏழு பிளாக் பின்னாலிருந்து சமநிலையை எட்டவே ஏறத்தாழ 376-இல் ஒரு வாய்ப்பு. ஐம்பது பிளாக் என்றால், ஒன்றுக்குப் பின் 18 சுழியங்கள் போட்டு, அதில் ஒன்றுக்கும் குறைவு. பிளாக் கண்டுபிடிப்பவருக்குக் கிடைக்கும் வெகுமதி தோற்ற பிளாக்குகளுக்குக் கிடையாது, மின்கட்டணம் மட்டும் அவர் தலையில்.

ஆனால் 30 சதவீதம் 51 ஆகிவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். எவ்வளவு பின்தங்கியிருந்தாலும் என்றாவது அவர் பிடித்துவிடுவார். பாதுகாப்பு என்பது அந்தத் திறனைத் திரட்டும் செலவு மட்டுமே. எத்தீரியம் கிளாசிக் என்ற சிறிய சங்கிலிக்கு இதுதான் நேர்ந்தது. அதே வகைத் தேடலைச் செய்யும் எந்திரங்கள் பெரிய எத்தீரியத்திடம் ஏராளமாக இருந்தன. அவற்றில் சிறு பங்கு திரும்பினாலே கிளாசிக்கின் பாதியை விஞ்சிவிடும். 2020 ஆகஸ்டில் ஒரே தடவையில் 3000-க்கும் மேற்பட்ட பிளாக்குகள் தூக்கி எறியப்பட்டு, வேறு பிளாக்குகள் அவற்றின் இடத்தில் வந்து உட்கார்ந்தன. அவற்றின் ஹாஷ்கள் ஒன்றோடொன்று அழகாகக் கோர்த்துத்தான் இருந்தன.