மருந்தாளுநர் “நான் தர மாட்டேன்” என்று சொல்லும்போது: மனச்சாட்சியின் எல்லை எது?

மருந்தாளுநர் ஒரு மருந்தைத் தர மறுக்க இரண்டு வகைக் காரணங்கள் இருக்கலாம். அளவு தவறாக எழுதப்பட்டிருக்கிறது, வேறு மருந்தோடு மோதுகிறது, சீட்டு போலி போலத் தெரிகிறது என்பவையெல்லாம் ஒரு வகை. அங்கே மறுப்பது எங்கள் கடமை. இன்னொரு வகையில் மருந்து சரி, அளவு சரி, சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் அதைக் கொடுக்க மருந்தாளுநரின் நம்பிக்கை இடம் தரவில்லை. அவசரக் கருத்தடை மாத்திரை விஷயத்தில்தான் இது அதிகமாக வருகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் மாத்திரை உடலில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மறுப்பவர்கள் பலரும் இது கருவைக் கலைக்கிறது என்று நம்புகிறார்கள். பரவலாகக் கிடைக்கும் அவசரக் கருத்தடை மாத்திரையான லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே உருவாகி நிலைத்துவிட்ட கர்ப்பத்தை அது கலைக்காது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2022 டிசம்பரில், அந்த நாட்டில் விற்கும் ஒரு மாத்திரையின் விவரக் குறிப்பைத் திருத்தி, அது முட்டை வெளியாவதற்கு முன்பே செயல்படுகிறது என்று தெளிவுபடுத்தியது. இதைப் படித்த பிறகும் ஒருவருக்குக் கருத்தடை மீதே எதிர்ப்பு இருக்கலாம். அது அவருடைய நம்பிக்கை, அதோடு நான் வாதாட வரவில்லை. ஆனால் மருந்தைப் பற்றிய தவறான தகவலின் மேல் எழுப்பிய மறுப்பை மனச்சாட்சி என்று என்னால் ஏற்க முடியவில்லை. அதைப் படித்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அந்த மாத்திரை வேலை செய்யும் விதத்தில்தான் எங்கள் எல்லையும் இருக்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனைத் திடீரென்று நிறையச் சுரக்கும்போது முட்டை வெளியாகத் தயாராகிறது. அந்த எழுச்சி தொடங்குவதற்கு முன் விழுங்கினால்தான் லெவோநார்ஜெஸ்ட்ரெல் பயன் தரும். தொடங்கிவிட்டால் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு அவசரக் கருத்தடை மாத்திரையான யூலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராம் கொஞ்சம் பிந்தியும், எழுச்சி தொடங்கி உச்சத்தை எட்டும் வரை, உதவக்கூடும். எந்தப் பெண்ணுக்கு அந்த நேரம் எப்போது வரும் என்று கடையில் நிற்கும் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். வெள்ளி இரவு 11 மணிக்குப் பாதுகாப்பில்லாத உறவு. சனி இரவு 8.30-க்கு அந்தப் பெண் மருந்தகத்துக்கு வருகிறார், இருபத்தொன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. பணியில் இருக்கும் ஒரே மருந்தாளுநர், “நான் இதைத் தருவதில்லை, வேறு கடையில் கேளுங்கள்” என்கிறார். அடுத்த மருந்தகம் தூரத்தில் இருக்கிறது, 9 மணிக்கு மூடிவிடும். ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை 9 மணிக்கு அவர் கையில் மாத்திரை வரும்போது 58 மணி நேரம் கடந்திருக்கும். “72 மணி நேரத்துக்குள்தானே, ஒன்றும் கெடவில்லை” என்று மறுத்தவர் நினைக்கலாம். இதைப் போன்ற வாதத்தைப் பயிற்சி வகுப்புகளிலும் கேட்டிருக்கிறேன். அது தவறு. உறவுக்குப் பிறகு மாத்திரையை எடுக்கச் சொல்லும் 72 மணி நேர வரம்பு, அதுவரைக்கும் ஒரே பலன் கிடைக்கும் என்ற உத்தரவாதம் ஆகாது. ஞாயிறு மதியம் எல்.எச். எழுச்சி தொடங்கியிருந்தால், சனி இரவு வேலை செய்திருக்கக்கூடிய மாத்திரை திங்கள் காலை வீண். எண்ணிக்கையில் அவர் இன்னும் வரம்புக்குள்தான் இருப்பார்.

ஆக, “வேறு கடைக்குப் போங்கள்” என்று கை காட்டுவது உதவியாகவும் இருக்கலாம், வெறும் வழி அடைப்பாகவும் இருக்கலாம். அந்த இரவில் என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்க முடியும். மறுக்கும் மருந்தாளுநர் தானே தொலைபேசியை எடுக்க வேண்டும். மருந்து இருப்பில் இருக்கிறதா, கொடுப்பதற்கு ஆள் இருக்கிறாரா, மூடுவதற்குள் இவர் போய்ச் சேர முடியுமா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து எடுக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். கார்பமாசெபின், ரிஃபாம்பிசின் போன்றவை மாத்திரையின் பலனைக் குறைக்கும். அப்படியானால் தாமிரக் கருத்தடைச் சாதனம் பற்றிச் சொல்லி மருத்துவரிடம் அனுப்புவது நல்லது. இதெல்லாம் முடிந்து, போகக்கூடிய இடம் எதுவும் இல்லை என்று தெரிந்தால்? அப்போது கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. தன் நம்பிக்கைக்கான விலையை எதிரில் நிற்பவர் கர்ப்பமாகக் கட்ட வேண்டும் என்று யாரும் தீர்மானிக்க முடியாது.

மறுப்பதற்கும் தடுப்பதற்கும் உள்ள கோட்டை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு காட்டுகிறது. 2002-இல் ஒரு கல்லூரி மாணவி வழக்கமாக எடுக்கும் கருத்தடை மாத்திரையை மறுபடி வாங்க வந்தார். பணியில் இருந்தவருக்கு நம்பிக்கை சார்ந்த எதிர்ப்பு இருந்தது, அதை நிர்வாகத்திடம் முன்பே சொல்லியும் இருந்தார். சரி, அதுவரை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் மாத்திரை வேறு எங்கே கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. மாணவி போன இன்னொரு மருந்தகத்திலிருந்து சீட்டின் விவரம் கேட்டு அழைத்தபோதும் தர மறுத்தார். சீட்டு அவரிடமே சிக்கிக்கொண்டது. மாநில மருந்தக வாரியம் 2005-இல் அவரைக் கண்டித்தது. மாத்திரையைத் தானே எடுத்துத் தராததைவிட, நோயாளிக்கு வேறு வழியும் கிடைக்காமல் செய்ததுதான் அங்கே பெரிய குற்றமாக நின்றது.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இன்னும் கறாரான நிலையை எடுத்தது. பிரான்சில் கருத்தடை மாத்திரை விற்க மறுத்து அபராதம் பெற்ற இரண்டு மருந்தக உரிமையாளர்களின் மனுவை 2001-இல் அது ஏற்கவில்லை. அந்த மருந்து சட்டப்படி மருத்துவர் சீட்டுக்கு மருந்தகத்தில் மட்டுமே கிடைக்கும் என்றால், மருந்தாளுநர் தன் நம்பிக்கையை மற்றவர்மேல் திணிக்க முடியாது என்றது. எங்கள் தொழிலில் கிடைக்கும் சலுகையைப் பற்றிய வாதம் அது. பொதுமக்கள் வேறு யாரிடமும் வாங்க முடியாதபடி ஒரு மருந்தை எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அந்தத் தனி உரிமையை வைத்துக்கொண்டு வாசலை மூடுவதை நான் ஏற்கமாட்டேன்.

நடைமுறையில் மறுப்பு இவ்வளவு வெளிப்படையாகவும் வருவதில்லை. “ஸ்டாக் இல்லை” என்பார்கள். அலமாரியில் இருக்கும். அல்லது கணவர் வரட்டும் என்பார்கள், திருமணம் ஆனதா என்று மற்றவர் காதில் விழக் கேட்பார்கள். உண்மையான எதிர்ப்பாளர் பொய் சொல்லத் தேவையில்லை. தன்னால் ஏன் தர முடியாது என்று ஒரே வரியில் சொல்லி, அதே நிமிடத்தில் மாற்று வழியைச் செய்து கொடுப்பார். பொய்யால் இன்னொரு கேடும் உண்டு: இருப்பு வரும் என்று நம்பி அந்தப் பெண் மறுநாள் அங்கேயே திரும்பி வருவார்.

நீங்கள் வாங்கப் போகிறவராக இருந்தால், “இது இருப்பில் இல்லையா, அல்லது நீங்கள் தர விரும்பவில்லையா?” என்று நேராகக் கேளுங்கள். சீட்டு இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கடைக்குக் கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள். மாத்திரை எடுத்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று தேவைப்படும், அதையும் கேட்டுவிடுங்கள்.

எதிர்ப்பு உள்ள மருந்தாளுநராக இருந்தால், வேலைக்குச் சேரும் நாளிலேயே எழுத்தில் சொல்லுங்கள். எந்த மருந்துகளைத் தர மாட்டீர்கள், எதுவரை உதவுவீர்கள், சீட்டை வேறு கடைக்கு மாற்றித் தருவீர்களா இல்லையா என்று தெளிவாக எழுதுங்கள். உங்களுக்கு மாற்றாக இன்னொருவர் இல்லாத இரவுப் பணியையும் விடுமுறை நாள் பணியையும் ஏற்காதீர்கள். நிர்வாகம் அதற்கேற்ப ஆள் அட்டவணை போட முடியாது என்றால், அந்த வேலையை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான்.