முன்மேசை பொருந்தியது, பின்மேசை பொருந்தவில்லை

கையில் இருந்தது ஒரு கூடத்தின் புகைப்படம். அதில் ஒரே அளவுள்ள இரண்டு மேசைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, கேமராவை நேராகப் பார்த்தபடி நின்றன. ஒவ்வொன்றின் அகலமும் 1.2 மீட்டர். முன்மேசை கேமராவிலிருந்து 3 மீட்டர் தூரத்தில், பின்மேசை 6 மீட்டர் தூரத்தில். கணினியில் செய்த ஓர் அலமாரியை அந்த மேசைகளுக்கு நடுவே வைத்து, அது அங்கேயே இருந்ததுபோல் காட்ட வேண்டும். அதற்கு, உண்மையான கேமரா நின்ற இடத்தில் ஒரு மெய்நிகர் கேமரா நின்று, அது பார்த்தபடியே பார்க்க வேண்டும். சரிபார்ப்பதற்காக அதே அளவில் இரண்டு பெட்டிகளைச் செய்து மேசைகளின் மேல் பொருத்திப் பார்த்தேன்.

படக் கோப்போடு சேர்ந்து பதிவாகியிருந்த எக்ஸிஃப் தகவலில் குவியத் தூரம் 24 மில்லிமீட்டர் என்று இருந்தது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கேமராவைத் தேர்ந்தெடுத்து 24 என்று தட்டினேன். முன்பெட்டி மேசையைவிடச் சிறிதாகத் தெரிந்தது. கேமராவைச் சற்று முன்னால் நகர்த்தினேன், மேசையும் பெட்டியும் ஒன்றாகிவிட்டன. பிறகு பின்மேசையைப் பார்த்தேன். புகைப்படத்தில் அதன் அகலம் 1,225 பிக்சல், என் பெட்டியின் அகலம் 968 பிக்சல். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. பின்மேசைக்காகக் கேமராவை முன்னால் தள்ளினால் முன்மேசை கெடுகிறது, முன்மேசைக்காகப் பின்னால் இழுத்தால் பின்மேசை கெடுகிறது. ஒரு மாலைப்பொழுது முழுவதும் இந்த இழுபறியில் போனது.

24 என்ற எண்ணில் தவறில்லை. ஆனால் அது பாதிச் செய்திதான். தொலைவிலுள்ள பொருளுக்குக் குவியம் செய்த கேமராவில், ஒளி ஒரு புள்ளியில் குறுக்கிட்டுக் கடந்து அதற்கு 24 மில்லிமீட்டர் பின்னாலிருக்கும் சென்சாரில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே ஒரு பெரிய முக்கோணம், உள்ளே அதே வடிவில் ஒரு சிறிய முக்கோணம். 3 மீட்டர் தூரத்தில் 1.2 மீட்டர் அகலம் என்றால், 24 மில்லிமீட்டர் தூரத்தில் 9.6 மில்லிமீட்டர். முன்மேசையின் பிம்பம் சென்சாரின் மேல் 9.6 மில்லிமீட்டர் அகலத்துக்கு விழும். பின்னால் எந்தச் சென்சார் இருந்தாலும் இது மாறாது.

மாறுவது, அந்த 9.6 மில்லிமீட்டர் படத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது. படத்தை எடுத்த கேமராவில் இருந்தது ஏபிஎஸ்-சி வகைச் சென்சார். அதன் அகலம் 23.5 மில்லிமீட்டர், உயரம் 15.6 மில்லிமீட்டர். படத்தின் அகலம் 6,000 பிக்சல். ஆக, மேசைக்குக் கிடைப்பது 6,000 × 9.6 ÷ 23.5, அதாவது 2,451 பிக்சல். பிளெண்டரின் கேமராவோ, நாம் மாற்றாத வரையில், 36 மில்லிமீட்டர் அகலச் சென்சார் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. பழைய 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படச் சட்டத்தின் அகலம் அது. அந்தக் கணக்கில் மேசைக்குக் கிடைப்பது 1,600 பிக்சல்தான். என் பெட்டி சிறிதாகத் தெரிந்தது அதனால்தான்.

சென்சாரின் அகலத்தையும் குவியத் தூரத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொன்னால் அதுதான் பார்வைக் கோணம். குவியத் தூரத்தைச் செங்குத்தாக நிறுத்தி, சென்சாரின் பாதி அகலத்தை அதன் அடியில் வைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. அதன் உச்சிக் கோணத்தை இரட்டித்தால் வேலை முடிந்தது:

```python
import math
f, w, h = 24, 23.5, 15.6
print(math.degrees(2 * math.atan(w / (2 * f))))  # 52.2
print(math.degrees(2 * math.atan(h / (2 * f))))  # 36.0
```

கிடைமட்டத்தில் 52.2 பாகை, செங்குத்தில் 36 பாகை. 36 மில்லிமீட்டர் அகலத்தோடு கணக்கிட்டால் கிடைமட்டக் கோணம் 73.7 பாகை. நான் செய்தது, 52 பாகையில் பார்த்த கண்ணுக்குப் பதிலாக 74 பாகையில் பார்க்கும் கண்ணைப் பொருத்திவிட்டு, அதை முன்னும் பின்னும் நடக்கவிட்டது.

நடப்பதால் இது ஏன் சரியாகவில்லை? கோணம் கூடும்போது எல்லாப் பொருள்களும் ஒரே விகிதத்தில் சிறிதாகின்றன. நெருங்கிப் போகும்போது அப்படி இல்லை, அருகில் இருப்பது வேகமாகவும் தொலைவில் இருப்பது மெதுவாகவும் பெரிதாகின்றன. முன்மேசையைப் பொருத்த என் கேமரா 1.96 மீட்டர் வரை நெருங்கியிருந்தது. பின்மேசை அதற்கும் 3 மீட்டர் பின்னால், அதாவது 4.96 மீட்டரில். உண்மையில் பின்மேசை முன்மேசையைப்போல் 2 மடங்கு தூரத்தில் இருக்கிறது. என் காட்சியிலோ அது இரண்டரை மடங்குக்கும் மேல். அதனால்தான் 1,225 வேண்டிய இடத்தில் 968. ஒரே ஒரு பொருளை வைத்துப் பொருத்தினால் இந்தத் தவறு தெரியவே தெரியாது. கோணத்தில் உள்ள பிழையை நகர்வு மறைத்துவிடும். எனவே சோதிப்பதற்கு எப்போதும் வெவ்வேறு ஆழத்தில் இரண்டு பொருள்கள் வேண்டும்.

சென்சார் அகலத்தை 23.5 என்று மாற்றினேன், கேமராவை 3 மீட்டருக்குத் திருப்பி வைத்தேன். இரண்டு மேசைகளும் ஒரே நேரத்தில் அமர்ந்தன.

கோணத்தையே நேரடியாகக் கேட்கும் மென்பொருள்களில் இன்னொரு பொறி உண்டு. எந்தத் திசைக் கோணம் என்று அவை ஒன்றுபோல் கேட்பதில்லை. யூனிட்டியும் திரீ.ஜேஎஸ் நூலகமும் வழக்கமாகச் செங்குத்துக் கோணத்தை எதிர்பார்க்கின்றன, அன்ரியல் கிடைமட்டக் கோணத்தை. முதல் இரண்டில் 52.2 என்று தட்டினால் தவறு, 36 என்பதே சரி. அதே கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படமானால் 52.2 சரியாகிவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றை விகிதத்தால் பெருக்கி எடுக்கவும் கூடாது. 16:9 படத்தில் கிடைமட்டம் 90 பாகை என்றால் செங்குத்து 50.6 அல்ல, 58.7. விகிதப்படி மாறுவது கோணமல்ல, பாதிக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு.

கைப்பேசிப் படமானால் உண்மையான குவியத் தூரம் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் சென்சார் அகலத்தைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. விளம்பரத்தில் வரும் அங்குலக் கணக்கை நம்பவே கூடாது. ‘ஒரு அங்குலச் சென்சார்’ என்று பெயர் பெற்றதன் மூலைவிட்டம் 16 மில்லிமீட்டர் அளவுதான். பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்துப் பெயரிட்ட பழக்கத்தின் மிச்சம் அது. இங்கே கைகொடுப்பது எக்ஸிஃப் தகவலில் `FocalLengthIn35mmFilm` என்று வரும் சமான எண், அதாவது 35 மில்லிமீட்டர் பிலிமுக்குச் சமமான குவியத் தூரம். அது 26 என்றால், 26-ஐயும் 36-ஐயும் போட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றும். ஏறத்தாழச் சரிதான். ஆனால் இந்தச் சமானம் பெரும்பாலும் அகலத்தை அல்ல, மூலைவிட்டத்தை ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது. கைப்பேசிப் படம் 4:3, பிலிம் சட்டம் 3:2. மூலைவிட்டம் 43.3 மில்லிமீட்டராக உள்ள 4:3 செவ்வகத்தின் அகலம் 34.6 மில்லிமீட்டர். அதைப் போட்டால் கோணம் 67.3 பாகை, 36 போட்டால் 69.4. இரண்டு பாகை வித்தியாசம், நீண்ட அறையின் கடைசிச் சுவரில் கண்ணில் படும்.

படத்தை யாராவது வெட்டியிருந்தால் சென்சாரையும் அதே அளவுக்கு வெட்ட வேண்டும். என் 6,000 × 4,000 பிக்சல் படத்தின் இடப்பக்கத்திலிருந்து 4,000 × 4,000 சதுரத்தை மட்டும் வைத்துக்கொண்டால், சென்சாரின் அகலம் 15.67 மில்லிமீட்டராகக் குறைகிறது. அதோடு முடியவில்லை. லென்ஸின் அச்சு விழுந்த இடம் பழைய படத்தின் நடு, அதாவது 3,000-ஆவது பிக்சல். புதிய படத்தின் நடுவோ 2,000-ஆவது பிக்சல். மெய்நிகர் கேமரா அச்சு எப்போதும் நடுவில் என்றே நினைக்கும். கேமராவைத் திருப்பி இதைச் சரிசெய்யப் பார்த்தால் நேர்க்கோடுகள் சாயும். பிளெண்டரில் அதற்கென்றே உள்ள `Shift X` என்ற இடத்தில் -0.25 தர வேண்டும். 1,000 பிக்சல் விலகலை 4,000 பிக்சல் அகலத்தால் வகுத்த எண் அது, சட்டம் இடப்பக்கம் நகர்ந்திருப்பதால் கழித்தல் குறி.

எக்ஸிஃப் முழுவதும் அழிந்த படம் வந்தால்? படத்துக்குள்ளேயே விடை இருக்கலாம். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு சுவர்கள் மூலையில் சந்திக்கும் படம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுவரின் கிடைக்கோடுகளையும் நீட்டினால் அவை ஒரு மறையும் புள்ளியில் சேரும், பெரும்பாலும் படத்துக்கு வெளியே. தொடுவானக் கோடு படத்தின் நடுவே ஓடுகிறது, வெட்டப்படாத படம் என்றால், நடுப்புள்ளியிலிருந்து அந்த இரண்டு புள்ளிகளின் தூரங்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது பிக்சலில் குவியத் தூரம். கேமராவிலிருந்து இரண்டு புள்ளிகளுக்கும் போகும் கோடுகள் செங்கோணத்தில் பிரிகின்றன, குவியத் தூரம் அந்த முக்கோணத்தின் குத்துயரம், பள்ளிக்கூட வடிவியல்தான். இடப்பக்கம் 4,000, வலப்பக்கம் 9,390 என்றால் விடை ஏறத்தாழ 6,128. என் கேமராவுக்கும் 6,000 × 24 ÷ 23.5 அதே எண்ணைத்தான் தருகிறது. பிக்சலில் குவியத் தூரம் தெரிந்துவிட்டால் மில்லிமீட்டரே தேவையில்லை. சென்சாரை 36 என்று வைத்துக்கொண்டு, குவியத் தூரத்தை 36 × 6,128 ÷ 6,000, அதாவது 36.77 என்று தந்தாலும் அதே 52.2 பாகைதான் வரும். எஃப்ஸ்பை என்ற இலவச மென்பொருள் இதே வேலையைக் கோடுகளை இழுத்து வைத்தாலே செய்துவிடுகிறது. ஒரு சுவர் கேமராவுக்கு ஏறத்தாழ நேராக இருந்தால் மட்டும் அதை நம்ப வேண்டாம். அதன் கோடுகள் எங்கோ வெகுதூரத்தில் சந்திக்கும், கோட்டில் ஒரு சிறு பிசகும் விடையைப் பெரிதாகப் புரட்டிவிடும்.

இவ்வளவும் செய்தபின் என் படத்தில் ஒரு சிறு பொருந்தாமை எஞ்சியிருந்தது. நடுவில் எல்லாம் கச்சிதம், மேசைகள் இரண்டும் சரி, ஓரத்திலிருந்த கதவுச் சட்டம் மட்டும் வெளிப்பக்கம் லேசாக வளைந்து பெட்டியின் நேர்க்கோட்டை விட்டு விலகியது. கோணப் பிழையானால் ஆழத்தில் தெரியும், வெட்டுப் பிழையானால் ஒரு பக்கமாகத் தெரியும். நான்கு ஓரங்களிலும் வளைவாகத் தெரிந்தால் அது லென்ஸின் உருத்திரிபு. மெய்நிகர் கேமராவில் அந்த வளைவு கிடையாது, எந்தக் கோணத்தைத் தந்தாலும் அது கதவை வளைக்காது. படத்தின் வளைவை முதலில் நிமிர்த்திவிட்டுத்தான் பொருத்தத் தொடங்கியிருக்க வேண்டும். நிமிர்த்தும்போது ஓரங்கள் சற்று வெட்டுப்பட்டுப் பெரிதாக்கப்படலாம் என்பதால், 23.5 என்ற எண்ணையும் மேசைகளை வைத்து மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன்.